மஞ்சள் வைத்த புடவையும் ஒரு புகார் மெயிலும்

அந்த வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பார்சல் வந்தது. மஸ்கட்டில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், அங்கே கம்ப்யூட்டரில் பார்த்து ஆர்டர் போட்டு, அரியலூரில் எங்கள் வாசலுக்கே வரவைத்திருந்தார். எனக்கு நீலச் சுடிதார், மகளுக்கு ஸ்கூல் பேக், மாமியாருக்குப் புடவை. புடவை என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை. என் கவலை எல்லாம் சுடிதாரைப் பற்றித்தான்.

பெட்டியைத் திறந்ததும் மேலே புடவை. கிளிப்பச்சை, கடுகு நிறக் கரை. மாமனார் போனதிலிருந்து மாமியார் சாம்பல் நிறமும் காப்பிப்பொடி நிறமும் தவிர வேறு கட்டியதில்லை. கட்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கட்டுங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை, நானும்தான். அவர் அதை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆயி, மொதல்ல மஞ்ச வையி."

"இருங்கத்தே, மத்ததையும் பாத்துட்டு வக்கிறேன்."

"வையின்னா வையேன். சாமிகிட்ட வக்கணும்ல."

புதுத்துணிக்கு மூலையில் மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் உடுத்துவதில்லை. மாமனார் இறந்த பிறகு மாமியார் தன் கையால் வைப்பதையும் விட்டுவிட்டார். நான்தான் குழைத்துக்கொண்டு வந்து வைத்தேன். அவசரத்தில் கொஞ்சம் தாராளமாகவே அப்பிவிட்டேன்.

புடவைக்கு அடியில் ஒரு சுவர்க்கடிகாரமும் டிபன் டப்பாவும் கிடந்தன. சுடிதாரும் இல்லை, பேக்கும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடிகாரம் உடையாமல் தப்பியதே பெரிது. பெட்டியின் அடியில் பில் இருந்தது. பில் எங்களுடையது, சாமான் வேறு யாருடையதோ. சுடிதார், பேக், சாம்பல் நிறக் காட்டன் புடவை என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது.

"என்ன போட்டுருக்கு?" என்றார் மாமியார். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது.

"கடிகாரமும் டப்பாவும் மாறி வந்துருச்சு அத்தே. பொடவ சரியாத்தான் இருக்கு."

வாய் கூசாமல் சொன்னேன். மகன் தனக்குப் பச்சை எடுத்து அனுப்பியிருக்கிறான் என்று இருக்கிற முகத்தைப் பார்த்து வேறெதுவும் சொல்ல வரவில்லை. ஆனால் புகார் கொடுத்தால் புடவையையும் திருப்பிக் கேட்பார்களே.

ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டு வந்து, பாயில் மூன்று சாமானையும் பில்லையும் பெட்டிமேல் ஒட்டியிருந்த கூரியர் சீட்டையும் வைத்து புகாரோடு அனுப்ப டிஜிட்டல் கேமராவில் படம் எடுக்கச் சொன்னேன். மஞ்சள் மூலையைத் தனியாகக் கிட்டத்தில் ஒரு படம். மாமியார், "புகார் எழுதுறதோட, இந்தப் பொடவ யாருக்கு வரணுமோ அவங்களுக்கு வேற அனுப்பச் சொல்லி எழுது" என்றார்.

சரி, வழிமாறிய கடிகாரத்தையும் டப்பாவையும்தான் வாய்தவறிப் புடவை என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சமயத்தில் எனக்கு மூளை அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் வீட்டுக்காரரின் மெயிலைத் திறந்தேன். அவர் பெயரில்தானே ஆர்டர். ஆர்டர் நம்பரைத் தலைப்பில் போட்டேன். கேட்டது இது, வந்தது இது என்று ஒவ்வொன்றாக எழுதினேன். அங்கே பொய் சொல்லவில்லை. புடவையும் மாறித்தான் வந்தது, வழக்கப்படி மஞ்சள் வைத்துவிட்டோம், அதை மட்டும் எங்களுக்கே விட்டுவிடுங்கள், சாம்பல் புடவை வேண்டாம் என்று எழுதினேன். படங்கள் பெரிதாக இருந்ததால் சென்டர்காரர் சுருக்கிக் கொடுத்தார். அப்படியும் ஏறுவதற்குள் உயிர் போய்விட்டது.

அதற்குப் பிறகு தினமும் மாமியாரின் கேள்வி ஒன்றுதான். "மெயில் வந்துச்சா?" பேத்தியின் பேக்குக்காகக் கேட்கிறார் என்று இருந்தேன்.

நான்காம் நாள் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். கடிகாரத்தையும் டப்பாவையும் கூரியர்காரர் வந்து எடுத்துக்கொள்வார், சுடிதாரும் பேக்கும் தனியாக வரும். புடவையில் கறை பட்டிருப்பது படத்தில் தெரிவதால் மறுபடி விற்க முடியாது, சாம்பல் புடவைக்குப் பதிலாக அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மஞ்சளைக் கறை என்றவர்களை மற்ற நாளாக இருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன். அன்றைக்குக் கும்பிடத்தான் தோன்றியது.

வீட்டுக்கு வந்து, "சுடிதாரும் பேக்கும் வந்துரும் அத்தே" என்றேன்.

"பொடவய ஒண்ணும் கேக்கலயே?"

"அத ஏன் கேக்குறாங்க? அதான் சரியா வந்துருக்கே."

தீபாவளியன்று குளித்துவிட்டுப் பச்சைப் புடவையோடு வந்து நின்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஒங்க புள்ளைக்கு என்னமா தெரிஞ்சுருக்கு பாருங்க" என்றேன்.

அவர் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டே சிரித்தார்.

"அவன் எங்க பச்ச எடுத்தான்? சாம்பக் கலரு போதும்னு போன்ல நாந்தான சொன்னேன். பெட்டியத் தொறந்ததுமே மாறி வந்துருச்சுன்னு தெரிஞ்சு போச்சு. மஞ்ச வச்சுட்டா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்கன்னுதான் ஒன்ன அவசரப்படுத்துனேன்."