நான்கு சரி அடையாளங்கள்

1. ஆனி மாதக் கடைசியில் என் அக்கா கணவரின் ஆயுள் இன்சூரன்ஸ் பாலிசி, நான் டைப்பிஸ்டாக இருக்கும் வேலூர் ஏஜென்ஸி ஆபீஸுக்கு வந்தது.
2. அதைச் சரிபார்த்தது நான்.
3. நாமினி என்ற இடத்தில் அக்காவின் பெயர் இல்லை. மாற்றச் சொன்னேன். அவர் மாற்றவில்லை.
4. ஆவணியில், ஆம்பூர் தோல் தொழிற்சாலையின் கழிவுக் குழியில் அவர் இறந்தார்.
5. அக்காவுக்கு அப்போது எட்டாம் மாதம்.

மெட்ராஸ் கம்பெனியிலிருந்து வரும் பாலிசிகளை, கேட்டவர் எழுதிக் கொடுத்த மனுவோடு ஒப்பிட்ட பிறகே நாங்கள் அவர் கையில் கொடுப்போம். என் வேலை முதல் பக்கத்து ஷெட்யூல் என்னும் விவரப் பட்டியலில் நான்கு இடங்களைப் பார்ப்பது: காப்புத் தொகை, ரைடர் என்னும் சேர்க்கைகள், நாமினி, விலக்குகள். மனுவில் உள்ளபடி இருந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு சரி அடையாளம்.

தொகை மூவாயிரம். காலம் பத்து வருஷம். அதற்குள் இறந்தால் பணம் வரும், உயிரோடிருந்தால் ஒன்றும் வராது. ரைடர் ஒன்று: விபத்தில் இறந்தால் இன்னொரு மூவாயிரம். நாமினி, அணைக்கட்டில் பயிர் செய்யும் அவருடைய அண்ணன். விலக்குகள்: ஒரு வருஷத்துக்குள் தற்கொலை என்றால் தொகையே கிடையாது, சண்டை, குடிபோதை, நச்சுக்காற்றைச் சுவாசித்தல் ஆகியவற்றால் இறந்தால் விபத்துத் தொகை கிடையாது.

எல்லாம் மனுவில் உள்ளபடியே இருந்தன. அடையாளம் போடாமல் அவருக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை வந்தார். தொழிற்சாலையில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிகளுக்கு மேஸ்திரி அவர். எவ்வளவு குளித்தாலும் சட்டையில் அந்த நாற்றம் இருக்கும்.

“இன்னா டைப்பு அம்மா, மாமனையே ஆபீஸுக்கு வரவைக்கிற?”

“நாமினியில அக்கா பேரு இல்லியே மாமா.”

“வவுத்துப் புள்ளக்காரி பேரைச் சாவுக் காயிதத்துல எழுதுவாங்களா? எங்க வூட்டுல எழுத மாட்டாங்க. புள்ள பொறக்கட்டும், மாத்திக்கலாம்.”

“மாத்தணும்னா ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும். கம்பெனியில பதிஞ்சு அனுப்பிடுவாங்க. இப்பவே டைப் பண்ணித் தரேன்.”

“உனுக்கு ஏன் பேஜாரு? எங்கண்ணன் இன்னா, தின்னுட்டு ஓடிடுவானா?”

விலக்குகளையும் படித்துக் காட்டினேன். நச்சுக்காற்று என்ற இடத்தில் சிரித்தார். “அந்த நாத்தத்துல பதினஞ்சு வருசமா சோறு துன்றேன். அது என்னை ஒண்ணும் பண்ணாது. ரெட்டிப்புன்னு ஏஜென்ட்டு சொன்னாரு, அது போதும்.”

பாலிசியை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அவர் அதைக் கையில் எடுப்பதற்கு முன்பே நான்கு அடையாளங்களையும் போட்டிருந்தேன். மனுவில் இருந்தபடி இருந்தது. தவறென்று எழுத எனக்கு இடமில்லை.

ஆவணி இரண்டாம் வாரம், தோல் மயிரும் சுண்ணாம்பும் கட்டி நிற்கும் கழிவுக் குழியைத் துப்புரவாக்க ஒரு கூலியாள் இறங்கினான். விழுந்தான். அவனைத் தூக்க மேஸ்திரி இறங்கினார். இரண்டு பேரையும் கயிறு போட்டு எடுத்தார்கள். காயம் எதுவும் இல்லை. டாக்டர் சர்டிபிகேட்டில் எழுதியது: நச்சுக்காற்றைச் சுவாசித்ததால் மூச்சடைப்பு.

இழவு வீட்டில் வந்தவர்கள் அக்காவிடம் சொன்னார்கள், “ஆறாயிரம் வரும்மா, புள்ளய வளத்துடலாம்.” சர்டிபிகேட்டை நான் படித்திருந்தேன். மூவாயிரம்கூட அவள் கைக்கு வராது என்று தெரியும். பதினாறாம் நாள் முடியும் வரை சொல்லவில்லை. சொன்னதும் அவள் கேட்டது ஒன்றுதான்: “நீ பாத்துதானே குடுத்த?”

கம்பெனியின் கடிதத்தையும் ஆபீஸில் நான்தான் பிரித்தேன். விபத்துத் தொகை விலக்கின்படி இல்லை. அடிப்படைத் தொகை நாமினிக்கு.

மாமாவின் அண்ணன், பணம் பெற்ற ரசீதில் கையெழுத்துப் போட வந்தார். அந்த ரசீதை டைப் அடித்தவளும் நானே.

“அக்காவுக்குப் பிரசவம் வருது” என்றேன்.

“எனுக்கும் தெரியும் பாப்பா. ஆனா தம்பி என் பேரைத்தான எழுதினான்? காரணம் இல்லாமலா எழுதியிருப்பான்?”

காரணம் எனக்குத் தெரியும், சொன்னேன். அவர் மையொற்றும் தாளை எடுத்துத் தன் கையெழுத்தின் மேல் அழுத்தினார்.

வக்கீலிடம் போனோம். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், அதனால் பணம் அவருடையதாகிவிடாது, வாரிசுகள் வழக்குப் போடலாம் என்றார். எத்தனை வருஷம் ஆகும் என்பதை அவரால் சொல்ல முடியவில்லை.

இப்போதைய நிலை இது. குழந்தை பெண், ஐந்து மாதம். அக்காவும் குழந்தையும் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். வழக்கு இன்னும் போடவில்லை. அணைக்கட்டிலிருந்து யாரும் வரவில்லை. அக்கா என்னோடு பேசுகிறாள், தேவைக்கு மட்டும். நான் அதே மேஜையில் பாலிசிகளைச் சரிபார்க்கிறேன்.