நூறு வாஷரும் ஒரு கடிதமும்

ஓசூர் பாகலூர் ரோட்டில் லால் பாஷா பாயின் நட்டு போல்ட்டுக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் இன்னும் எனக்கு கிரீஸ் வாசனை வருகிற மாதிரியே இருக்கும். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தக் கடையில் ஆறு வருஷம் பில் போட்டவள் நான்தானே.

தொண்ணூற்றாறில் சேர்ந்தேன். பாய்க்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். வெள்ளை ஜிப்பா, காதிடுக்கில் பென்சில். சிப்காட்டில் பாதி கம்பெனிகளுக்கு எங்கள் கடைச் சரக்குதான். பாய் போல்ட்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே சைஸ் சொல்வார். ஆனால் கம்ப்யூட்டர் என்றால் எட்டி நின்றுதான் பேசுவார். "பார்வதிம்மா, அதுக்கு சாயா கொடுத்தியா?" என்று கேட்டால், கரண்ட் வந்துவிட்டதா என்று அர்த்தம்.

அடுத்த ஏப்ரலில் பெங்களூரிலிருந்து பில்லிங் கம்பெனிக்காரர்கள் இரண்டு பிளாப்பி அனுப்பினார்கள். புது வெர்ஷன், இதைப் போட்டால்தான் இனி சர்வீஸ் என்று ஒரு சீட்டு. நான்தான் போட்டேன். பில் அழகாக வந்தது. முன்பு இல்லாத ஒரு கட்டம்கூட இருந்தது: 'ஒன்றின் விலை'. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்தே நாளில் அந்தப் பெருமையில் மண் விழுந்தது. பம்பு கம்பெனி ஸ்டோர்ஸ் வெள்ளைச்சாமி சார் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே கடைக்கே வந்துவிட்டார். மதுரைப் பக்கத்துக்காரர், குரல் தெருமுனை வரை கேட்கும்.

"பாய், ஆர்டர்ல எண்ணூத்தி எழுவத்தஞ்சு. பில்லுல எண்ணூத்தி எம்பது. அஞ்சு ரூவாதான்னு விட்டுர முடியுமா? ஆடிட்காரன் என்னையல்ல கேப்பான்? ஒங்க கம்ப்யூட்டர் பொண்ணு ரேட்டை மாத்திப் போடுதான்னு பாருங்க. இன்னொரு பில்லு இப்படி வந்துச்சுன்னா ஒங்க கடைப் பேரை லிஸ்ட்லேர்ந்து எடுத்துருவேன்."

என் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னார். வீட்டில் அப்பாவுக்கு மில் மூடி ஒன்றரை வருஷம். என் சம்பளத்தில்தான் அரிசி. அதைவிட, திருடி என்று பேர் வாங்கிக்கொண்டு இந்த ஊரில் இன்னொரு கடைப் படி ஏற முடியுமா?

பாயின் மச்சான் பஷீர் அஹமது எரிகிற அடுப்பில் சீமெண்ணெய் ஊற்றினார். "அந்தப் பொண்ணை நிறுத்திருங்க மச்சான். பெங்களூருக்கு நானே போன் போட்டேன். ஆப்பரேட்டர் மிஸ்டேக்காம். அவங்களே சொல்றாங்க."

பாய் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எல்லா பில் நகலையும் எடுத்து வைக்கச் சொன்னார். அன்றிலிருந்து நான் போட்ட ஒவ்வொரு பில்லையும் பென்சிலால் மறுபடி கணக்குப் போட்டார். என் எதிரிலேயே! ஒன்றை முடித்தால் அடுத்தது. வீட்டிலிருந்து அவர் மனைவி சுக்ரா அக்கா சாப்பாடு அனுப்பினால்கூட ஒரு கையில் சோறு, ஒரு கையில் என் பில். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேராக "உன் மேல சந்தேகம்"னு சொல்லித் தொலைத்தால் என்ன? மூன்று நாள் நான் அவரோடு பேசவே இல்லை. கேட்டதற்கு ம், ம்ஹூம், அவ்வளவுதான்.

நாலாம் நாள் கூப்பிட்டார்.

"கோவத்தை அப்புறம் வச்சுக்கம்மா. லெட்டர் ஒண்ணு இங்கிலீஷ்ல டைப் அடி. நான் சொல்றேன்."

மேஜையில் மூன்று பில். எங்கள் தொழிலில் சின்னச் சரக்குக்கு விலை நூற்றுக் கணக்கில்தான். நூறு ஸ்குரூ நாற்பத்து மூன்று ரூபாய் எழுபத்தைந்து பைசா. இரண்டாயிரம் ஸ்குரூவுக்கு எண்ணூற்று எழுபத்தைந்து வர வேண்டும், எண்ணூற்று எண்பது வந்திருக்கிறது. அடுத்தது வாஷர், நூறு மூன்று ரூபாய் இருபது பைசா. ஐயாயிரத்துக்கு நூற்று அறுபது வர வேண்டும், நூற்றைம்பதுதான் வந்திருக்கிறது. மூன்றாவது போல்ட், நூறின் விலை நாற்பத்தைந்து ரூபாய். அது மட்டும் சுத்தம்.

"பார்த்தியா? ஒண்ணுல அதிகம், ஒண்ணுல கம்மி. திருடறவன் கம்மியா ஏம்மா போடப் போறான்? அந்தப் புதுக் கட்டத்தைப் பாரு. வாஷர் ஒண்ணு மூணு பைசாவாம்! மூணு பைசாவும் அஞ்சுல ஒரு பங்கும்மா அது. புள்ளிக்குப் பின்னால ரெண்டு தானத்துக்கு மேல இருக்கறதை ஏத்தியோ எறக்கியோ முழுசாக்கிட்டு, அதை வச்சே பெருக்குது. நாப்பத்தஞ்சு ரூவா சரக்குல ஏத்த எறக்க ஒண்ணுமில்ல. அதான் சரியா வருது."

பெரிய படிப்புப் படித்த எனக்கு அது தெரியவில்லை பாருங்கள்!

லெட்டரை அடித்தேன். மூன்று பில்லையும் இணைத்தேன். பாய் வாஷர் டப்பாவிலிருந்து எண்ணி எண்ணி ஒரு துணிப் பையில் போட்டார்.

"இது எதுக்கு பாய்?" மூன்று நாளைக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை.

"இதையும் சேர்த்து எழுது. நூறு வாஷர் அனுப்பியிருக்கேன், எண்ணிப் பாருங்க. எங்க ஊர்ல இதுக்கு மூணு ரூவா இருவது பைசா. உங்க மிஷின்ல மூணு ரூவா. மீதி இருவது பைசா எந்த வாஷர்லேர்ந்து போச்சுன்னு எடுத்துக் காட்டுங்க."

லெட்டரை அவரே கையெழுத்துப் போட்டு ஒட்டி அனுப்பினார். வெள்ளைச்சாமி சாருக்கு அதிகம் போன பில்லுக்கெல்லாம் கிரெடிட் நோட் போட்டுக் கழிக்கச் சொன்னார். கம்மியாகப் போனதைக் கேட்கவில்லை. பதில் வரும்வரை பில் எல்லாம் கையால்தான்.

எட்டாம் நாள் கடை வாசலில் ஒருவர் வந்து நின்றார். கையில் பிளாப்பி, எங்கள் துணிப் பை. பேர் கங்கப்பன், பாகலூர்க்காரர், பெங்களூர் கம்பெனியில் வேலை.

"தப்பு எங்களுதுதான் சார். மத்த கடைகள்ல ஒண்ணோட ரேட் தெரியணும்னு கேட்டாங்க. அதைக் காட்டறதுக்கு ரெண்டு தானத்துக்குச் சுருக்கினோம். பெருக்கறதும் அதையே எடுத்துக்கிச்சு. இப்ப முழு ரேட்டை வச்சுப் பெருக்கி, கடைசியிலதான் சுருக்குது. வாஷரை எண்ணிப் பார்த்துட்டோம் சார், நூறும் இருக்கு" என்று சிரித்தார்.

புது பிளாப்பியைப் போட்டு அதே மூன்று பில்லையும் அடித்தோம். எண்ணூற்று எழுபத்தைந்து. நூற்று அறுபது. மூன்றாவதும் சரி. பஷீர் அஹமது மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத்தனை பெரிய கம்பெனியில எங்க லெட்டரைப் படிச்சீங்களே, அதுவே பெரிசு" என்றேன் நான், கொஞ்சம் குத்தலாகத்தான்.

"நெஜம் சொல்லணும்னா, படிச்சிருக்க மாட்டாங்கம்மா. கம்ப்ளெயின்ட் லெட்டர் ஒரு கட்டு கெடக்கு. இதுல அடியில தமிழ்ல கையால என்னமோ எழுதியிருந்துச்சு. ஆபீஸ்ல தமிழ் படிக்கறவன் நான் ஒருத்தன்தான். இது என்னன்னு பாருன்னு என்கிட்ட நீட்டினாங்க. அப்புறம்தான் மேல இருந்ததையும் படிச்சேன்."

தமிழிலா? நான் அடித்த லெட்டரில் தமிழ் ஏது? வாங்கிப் பார்த்தேன். பாயின் கையெழுத்துக்குக் கீழே, பென்சிலில், கோணல் கோணலாக:

'பார்வதி தப்பு செய்யலை. நான் எல்லா பில்லும் போட்டுப் பார்த்திட்டேன். அந்தப் பெண்ணைத் தப்பு சொன்னதுக்கு நீங்க எழுத்துல பதில் தரணும்.'

அந்த மூன்று நாள் ம், ம்ஹூம் எல்லாம் நினைவுக்கு வந்தது. நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல், கடை நடுவில்.

"அட, கீபோர்டு மேல அழாதேம்மா, அதுக்கு வேற பெங்களூருக்கு லெட்டர் எழுதணும்" என்றார் பாய்.

கங்கப்பன் கம்பெனி லெட்டர்பேடில் கொண்டுவந்திருந்த பதிலை பாய் என்னிடம் கொடுக்கவில்லை. மடித்து ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டு, பஷீர் அஹமதை பைக்கை எடுக்கச் சொன்னார். இரண்டு பேரும் பம்பு கம்பெனிக்குப் போனார்கள். அன்று சாயங்காலம் வெள்ளைச்சாமி சார் கடைக்கு வந்து, இந்த முறை என் முகத்தைப் பார்த்து, "தப்பாப் பேசிட்டேன் தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.