கார்டு போடாத கேமரா

ஓசூரில் ஒரு வீட்டில், பக்கவாதம் வந்த பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அவருக்குப் பேச்சு வராது. மகனும் மருமகளும் காலையிலேயே கம்பெனி பஸ் ஏறிவிடுவார்கள். நான் ஏழாவதோடு நின்றவள். ஆளில்லாத வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் என் பேச்சை யார் நம்புவார்கள் என்று தினமும் பயம். அதனால் கேமரா மாட்டப் போவதாக அவர்கள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மாட்ட வந்தவர் இரண்டு வழி சொன்னார். மெமரி கார்டு என்றால் ஒருதடவை செலவு. நிறைந்ததும் பழையதை அழித்து அதன்மேலேயே பதியும். கிளவுட் என்றால் மாதாமாதம் கட்ட வேண்டும்; படம் நெட் வழியாக வெளியே எங்கோ போய்ச் சேர்ந்துவிடும். இரண்டையுமே வைத்துக்கொள்ளலாம் என்றார். மாதாமாதம் கட்டும்போது கார்டு வேறு எதற்கு என்றார் மருமகள். கார்டை யார் வேண்டுமானாலும் கழற்றிவிடலாம் என்றார் மகன். பகலெல்லாம் அந்த வீட்டில் இருக்கிற 'யார்' நான்தான். காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஆறேழு மாதம் கழித்து ஒருநாள் காலை, தெருவில் பள்ளம் தோண்டிய பொக்லைன் நெட் ஒயரை அறுத்துவிட்டது. கரண்ட் இருந்தது. கேமராவில் மட்டும் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பயந்துபோய் மகனுக்குப் போன் செய்தேன்.

"நெட் வந்ததும் அதுவே ஏத்திக்கும்க்கா. இதுக்கெல்லாம் வேலை நேரத்துல கூப்பிடாதீங்க."

பதினோரு மணிக்குக் கஞ்சி ஊட்டி, வாய் துடைக்கத் துண்டை எடுத்தேன். அதற்குள் பெரியவர் எழப் பார்த்துச் சாய்ந்துவிட்டார். சட்டையைப் பிடித்தேன், நிற்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் மகன் செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். காலை ஒன்பது மணி வரை படம் இருந்தது; அப்புறம் நெட் திரும்பி வந்த மூன்று மணியிலிருந்து இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. மாட்டியவரைக் கூப்பிட்டார். கார்டு இருந்திருந்தால் நெட் இல்லாமலே அதில் பதிந்திருக்கும், கார்டும் இல்லாததால் அந்த நேரம் எங்கேயும் பதியவே இல்லை என்று அவர் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அப்ப நீங்க எங்கக்கா இருந்தீங்க?"

"பக்கத்துலதாங்க சார். பிடிச்சேன், கைக்கு நிக்கலைங்க."

"கரெக்டா அந்த நேரம் பார்த்துதான் விழணுமா?" என்றார் மருமகள், சுவரைப் பார்த்து.

காலையில் போன் செய்ததைச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். படம் பதியவில்லை என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும் என்று ஆகிப்போனது.

மறுநாள் என் துணிப்பையை எடுக்கப் போனேன். மகன் ஸ்டூல்மேல் ஏறி நின்று கேமராவில் கார்டு போட்டுக்கொண்டிருந்தார். நகத்தளவுதான் இருந்தது. வேறு ஆள் வரப்போகிறாள் என்றார். நான் வாசலைத் தாண்டும்வரை கீழே இறங்கவில்லை.