ஒரு ‘பின்னே’

துக்கத்தில் இருக்கிறவர்கள் எந்தச் சொல்லையும் ஒற்றையாக எழுதமாட்டார்கள். ‘அன்பும் பாசமும்’, ‘கண்ணீரும் கம்பலையும்’, ‘அமைதியாகவும் சாந்தமாகவும்’ என்று எல்லாம் ஜோடி ஜோடியாகத்தான் வரும். முப்பதுகளின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் ஒரு மிஷன் அச்சுக்கூடத்தில் நான் புரூப் திருத்திக்கொண்டிருந்தபோது, இந்த ஜோடிகளைப் பிரித்து வைப்பதே என் பிழைப்பாக இருந்தது. அதற்காக என்னைக் கல்நெஞ்சன் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் சபைப் பத்திரிகையில் மரண அறிவிப்புக்கு இருபது வரி, அதுவும் ஒரே பத்தி. பணக்காரன் செத்தாலும் இருபது, கூலிக்காரன் செத்தாலும் இருபது. அந்த விதியை வைத்தவர் யாரோ, அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஒரு நாள் காலையில் களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். முப்பது வயது இருக்கும். மனைவி இறந்து ஐந்து மாதம். அறிவிப்பை முன்பே தபாலில் அனுப்பியிருந்தார்; அச்சுக் கோத்துப் பார்த்ததில் இருபத்தைந்து வரி வந்தது. ஐந்து வரி குறைக்கவேண்டும், நீங்களே வந்து சொல்லுங்கள் என்று நான்தான் கார்டு போட்டிருந்தேன். சாதாரணமாக நான் யாரையும் கூப்பிடுவதில்லை. இதை வாசித்தபோது கை வைக்கப் பயமாக இருந்தது.

என்ன பயம் என்று அவர் உட்கார்ந்ததும் அவரே சொன்னார். “இது அறிவிப்பு இல்ல சார். எனக்க பிள்ளை இதுலதான் இருக்கு.”

கதை இதுதான். பெண் குழந்தை பிறந்த பத்தாம் நாள் அவர் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் விடியுமுன்னே வண்டி கட்டி மிஷன் ஆசுபத்திரிக்குப் புறப்பட்டார்கள். இடவப்பாதி மழை, ஆற்றில் வெள்ளம். தோணிக்காரன் மாட்டேன் என்றுவிட்டான். மத்தியானம்வரை கரையில் கிடந்துவிட்டு வண்டியைத் திருப்பினார்கள். வேறு வழி இல்லாமல், அதன் பிறகுதான் ஊர் வைத்தியரைக் கூப்பிட்டு மருந்து கொடுத்தார்கள். அடுத்த நாள் வெள்ளம் வடிந்தது, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மூன்றாம் நாள் அவள் இறந்துபோனாள்.

தோவாளைப் பக்கத்தில் இருந்த மாமனார் காதுக்கு இது வேறு மாதிரிப் போயிருந்தது. மருமகன் முதலில் நாட்டு வைத்தியரை வைத்துக்கொண்டு நாளைக் கடத்தினான், கை மீறின பிறகுதான் ஆசுபத்திரிக்குப் புறப்பட்டான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். குழந்தை அவர்கள் வீட்டில் இருந்தது. தர முடியாது என்றுவிட்டார். அந்தக் கிழவர் வாய்ப்பேச்சை மதிக்கிற ஆள் இல்லை. சபைப் பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் பெயர்வரை வாசிப்பவர். அச்சில் வருவதைப் போதகர் பார்த்துத்தான் போடுவார், அதனால் அதில் பொய் வராது என்பது அவர் கணக்கு.

“நீ சொல்லுததை அச்சில போடு, நான் வாசிக்கேன்னு சொன்னாவ” என்றார் வாத்தியார்.

தாளை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கடைசி இரண்டு வரியில் ஒரு வேதவசனம் முழுசாக இருந்தது. அதிகாரமும் எண்ணும் மட்டும் போதும், மீதி எல்லாருக்கும் மனப்பாடம் என்றேன். தலையாட்டினார். அங்கே ஒன்றரை வரி மிச்சம். ‘என் அருமை மனைவி’ நான்கு இடத்தில் இருந்தது. முதல் இடத்தில் வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் ‘அவள்’ போட்டோம். ஜோடிச் சொற்களில் ஒன்று ஒன்றாக எடுத்தேன். ‘வண்டி கட்டினோம். வண்டியில் ஏற்றினோம். வண்டியில் புறப்பட்டோம்’ என்று மூன்று வாக்கியம் இருந்தது. ‘வண்டி கட்டி ஏற்றிப் புறப்பட்டோம்’ என்று ஒன்றாக்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டேன்: இதை எடுத்தால் நடந்தது மாறுமா?

‘இரட்டை வெள்ளைக் காளை பூட்டிய’ என்று ஓர் இடம். அதில் பென்சிலை வைத்ததும் அவர் கை வந்து தாளைப் பிடித்துக்கொண்டது.

“அது எங்க ஊர்லயே நல்ல காளை சார். சீக்கிரம் போகணும்னுதான் அதைக் கேட்டு வாங்கினேன்.”

அதுவும் நியாயம்தான். ஆனால் ஆற்றங்கரையில் நின்றுவிட்ட வண்டிக்குக் காளையின் நிறம் என்ன செய்யும்? ‘விடியுமுன்’ என்ற சொல் அவசரத்தைச் சொல்லிவிடுகிறது, காளையை விட்டுவிடலாம் என்றேன். தாளிலிருந்து கையை எடுத்தார்.

“மத்தியானம்வரை நின்னதை எடுக்காதீங்க.”

“அதைத் தொடமாட்டேன்” என்றேன். தொடவும் இல்லை.

பிறகு இந்தப் ‘பின்னே’. மேற்கே அவர்கள் பேச்சில் மூச்சுக்கு மூச்சு பின்னே வரும். ‘பின்னே காய்ச்சல் கண்டது. பின்னே வண்டி கட்டினோம். பின்னே வெள்ளம்.’ வாக்கியத்துக்கு ஒன்றாக ஆறு இருந்தது. பாதி இடத்தில் அதற்கு அர்த்தமே கிடையாது, தொண்டையைச் செருமுவது போலத்தான். ஐந்தை அடித்தேன். ஆறாவதில் நிறுத்தினேன். ‘வண்டியைத் திருப்பினோம். பின்னே ஊர் வைத்தியர் மருந்தும் கொடுத்துப் பார்த்தோம்.’ இந்த ஒரு பின்னேக்குத்தான் ‘அதற்குப் பிறகு’ என்று அர்த்தம். ஆற்றங்கரை முதலில், வைத்தியர் அப்புறம். மாமனார் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தச் சொல்லில்தான் இருந்தது.

‘அதன் பின்னர்’ என்று போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். வரியில் இடம் இடித்தது, இருந்தாலும் எப்படியாவது புகுத்தியிருப்பேன். அவர் சம்மதிக்கவில்லை.

“பின்னேன்னே கிடக்கட்டு சார். அதுதான் எனக்க பேச்சு. வேற யாரோ எழுதிக் குடுத்ததுன்னு மாமா நினைச்சிரப்பிடாது.”

அதிலும் நியாயம் இருந்தது. இருபது வரி சரியாக வந்தது. முதலிலிருந்து விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். காய்ச்சல், வண்டி, வெள்ளம், கரை, வைத்தியர், வடிந்தது, ஆசுபத்திரி, சாவு. எதுவும் விழவில்லை, எதுவும் இடம் மாறவில்லை. “எல்லாம் உண்டு” என்றார். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. என் வேலையில் அப்படி ஒரு நாள் அபூர்வம்.

எங்கள் பத்திரிகையின் ஆசிரியர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த போதகர். நல்ல மனிதர். நல்ல தமிழ் தெரிந்தவர். அதுதான் வினை. பக்கம் முழுவதும் கட்டி முடித்த பிறகு வருகிற கடைசிப் புரூபை அவர் மட்டும் பார்ப்பார். அதற்குமேல் யாரும் கை வைப்பதில்லை. அவர் ஊரில் ‘பின்னே என்ன’ என்றால் ‘அதைவிட வேறென்ன’ என்று பொருள்; காலக் கணக்கு அதில் இல்லை. வாத்தியாருடைய பின்னே அவர் கண்ணுக்குப் பேச்சுக் கொச்சையாகப் பட்டிருக்கிறது. பாவம், மனைவியை இழந்தவர் அறிவிப்பு, கௌரவமாக இருக்கட்டும் என்று அதை அடித்து ஓரத்தில் ‘மேலும்’ என்று எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லும் அதே இடத்தில் அடங்கிவிட்டது. ஒரு வரி தள்ளியிருந்தால்கூட அச்சுக் கோப்பவர் என்னிடம் வந்திருப்பார்.

அடித்த தாள்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோது நான் பார்த்தேன். ‘வண்டியைத் திருப்பினோம். மேலும் ஊர் வைத்தியர் மருந்தும் கொடுத்துப் பார்த்தோம்.’ இரண்டாம் தடவை வாசித்தேன். எப்போது கொடுத்தார்கள்? முன்னாலா, பின்னாலா? அந்த வாக்கியத்தில் காலமே இல்லை. சந்தேகத்தோடு வாசிக்கிறவனுக்கு அது ஒப்புக்கொண்ட மாதிரியே இருந்தது. இயந்திரத்தில் அடுத்த பக்கம் ஏறியிருந்தது. அறிவிப்பு இருந்த பக்கத்தின் எழுத்துகளைப் பிரித்து எழுத்துப் பெட்டி அறைகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

போதகரிடம் ஓடினேன். “பொருள் ஒன்றும் குறையவில்லையே?” என்றார். நான் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபப்படத்தான் போனேன், யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. “அடுத்த மாதம் பிழைதிருத்தம் போடுவோம்” என்றார். நானே மாமனாருக்கு எழுதுகிறேன் என்றும் சொன்னார். எழுதவும் எழுதினார். மருமகன் போதகரைப் பிடித்து எழுத வைத்திருக்கிறான் என்று அந்த வீட்டில் பேசிக்கொண்டார்களாம்.

அடுத்த இதழில் கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி வந்தது: ‘மேலும்’ என்பதைப் ‘பின்னே’ என்று திருத்தி வாசிக்கவும். அதற்குச் சில நாள் கழித்து வாத்தியார் அச்சுக்கூடத்துக்கு வந்தார். இரண்டு இதழையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். நான் நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

முதல் இதழ் வந்த அன்றே அவர் தோவாளைக்குப் போயிருக்கிறார். மாமியார் மடியில் குழந்தை. மாமனார் உரக்க வாசித்தாராம். மேலும் என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி வாசித்து, பத்திரிகையை மடித்துவிட்டு, “நீயே எழுதிட்டியே” என்று மட்டும் சொன்னாராம். பிழைதிருத்தம் வந்த பிறகும் போயிருக்கிறார்.

“அதுக்கு என்ன சொன்னாவ?” என்றேன். அவர் பேச்சு எனக்கு ஒட்டிக்கொண்டது.

“ஒரு மாசம் கழிச்சு வார்த்தையை மாத்துதவனுக்கு என்ன பேருன்னு கேட்டாவ.”

சொல்லைக் குறைக்கத் தெரிந்தவனுக்குச் சொல்லைச் சேர்க்க ஓர் இடமும் அந்த ஊரில் மிச்சமில்லை. போதகர் உள்ளே இருக்கிறார், கூப்பிடட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். அவர் மேல் வருத்தம் இல்லை என்றும் சொன்னார். கக்கத்தில் இருந்த சுருளைக் கையில் எடுத்துக்கொண்டு,

“நாம எடுத்த அந்த அஞ்சு வரியில வல்ல முக்கியமான காரியமும் போயிட்டுதா சார்?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். அது உண்மை.

“நானும் பாத்தேன். ஒண்ணும் இல்ல” என்றார். வாசல்வரை போனார். குடையை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்தபடியே சொன்னார்: “பிள்ளை இப்பம் தவழுதாம்.”