தூரத்தில் பறக்கும் கொக்கு

அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பின்னோக்கி நடந்தாள். இடுப்பு சாப்பாட்டு மேஜையில் இடித்ததும் நின்றாள். எதிர்ச் சுவரில் மகள் காகிதங்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் ஒரே கொக்கு. தட்டளவு, உள்ளங்கையளவு, தபால்தலையளவு, கடைசியாகச் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது.

"கடைசியில இருக்கிறது என்னடி?"

"கொக்குதான்மா."

"நசுங்கின ஈ மாதிரி இருக்கு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள். "இப்பவும் ஈதான்."

இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அன்று அது வேலையாகவே தெரியவில்லை. டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்ததற்கு மகள் திட்டு வாங்கினாள்.

அம்மாவின் தொழில் லோகோ வரைவது. எதை வரைந்தாலும் தலைகீழாகத் திருப்பி, கறுப்பு வெள்ளையாக அச்சிட்டு, கண்ணாடியில்லாமல் ஒருமுறை பார்ப்பாள். "வாங்க வர்றவன் அவசரத்துல வர்றான், பாதிக் கண்ணாலதான் பார்ப்பான்" என்பாள். சோப்பு வாங்க அனுப்பினால் சோப்பை மறந்துவிட்டு உறைகளை வரிசையாகத் திருப்பி வைத்துக்கொண்டு நிற்பாள். கடைக்காரர் வீட்டுக்குப் போன் செய்து, "உங்கம்மா இங்கதான் இருக்காங்க, பயப்படாதீங்க" என்று சொன்னதுண்டு.

அந்தக் கொக்கு அவள் வரைந்ததில்லை. கத்தரிக்கோல் செய்யும் முதலாளி இளவயதில் தன் கையாலேயே வரைந்தது. திறந்த அலகுதான் கத்தரிக்கோல். முதலில் சிறகில் மூன்று இறகுகள் இருந்தன. இரண்டாவது பட்டறை போட்டபோது ஓர் இறகு சேர்த்தார். ஏற்றுமதி தொடங்கியபோது ஒன்று. தன் மகள் டாக்டருக்குப் படித்து முடித்தபோது ஒன்று. இப்போது பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் கதை உண்டு. யார் வந்தாலும் முதல் இறகிலிருந்து தொடங்குவார். அவருடைய பெட்டிகளையும் விளம்பரங்களையும் பல வருடங்களாக அம்மாதான் வடிவமைத்தாள். இறகு கூடும்போதெல்லாம் இடம் ஒதுக்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

வம்பு வந்தது போலிக் கத்தரிகளால். கடைகளில் அதே கைப்பிடி, அதே பெட்டி, ஆனால் மட்டமான இரும்பு. ஒரு தையல்காரப் பெண்ணின் கையில் அலகு முறிந்து விரல் கிழிந்தது. அவள் நேராகத் தொழிற்சாலைக்கு வந்து கத்தரியை மேஜைமேல் போட்டுவிட்டுப் போனாள். "பெட்டியை இன்னும் அழகாப் பண்ணுங்க. அசல் எதுன்னு ஜனங்களுக்குத் தெரியட்டும்" என்று முதலாளி அம்மாவைக் கூப்பிட்டார்.

"பெட்டி இல்ல பிரச்சினை" என்றாள் அம்மா வீட்டில். "அதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"மெயில்ல அனுப்பிடலாம்மா. அளவெல்லாம் நான் எடுத்துத் தர்றேன்." மகள் உலோகப் பொறியாளர்.

"செத்த வீட்டுச் சேதியா, மெயில்ல சொல்ல? நேர்ல போய்த் திட்டு வாங்கிட்டு வருவோம் வா."

முதலாளியின் அறையில் ஒரு சுவர் முழுக்கப் பித்தளையில் அந்தக் கொக்கு. அதற்கு நேர் கீழே அவர் நாற்காலி.

"டிசைனரம்மா, முன்னாடியே சொல்லிடறேன். கொக்குல கை வெச்சீங்கன்னா நம்ம பழக்கம் இதோட சரி." பிறகு மகளைப் பார்த்து, "பாப்பா, ஜூஸ் குடிக்கிறியா?" பாப்பாவுக்கு வயது முப்பத்தைந்து.

அம்மா பையிலிருந்து நான்கு கத்தரிக்கோல்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாள். அவற்றின்மேல் ஓர் அட்டையைப் போர்த்தினாள். அட்டையில் நான்கு ஓட்டைகள். ஒவ்வொன்றின் வழியாகவும் அலகில் பொறித்த சின்னம் மட்டும் தெரிந்தது.

"இதுல ஒண்ணே ஒண்ணுதான் உங்களோடது. எதுன்னு சொல்லுங்க."

"என்ன விளையாட்டு இது? கத்தரியைக் கையில குடுங்க, சத்தத்தை வெச்சே சொல்லுவேன்."

"நீங்க சொல்லுவீங்க. கடையில பெட்டியைப் பிரிச்சு வெட்டிப் பார்க்க விடமாட்டாங்களே. கண்ணால பார்த்துச் சொல்லுங்க."

முதலாளி சிரித்தபடி குனிந்தார். சிரிப்பு மெல்ல வற்றியது. விளக்கை இழுத்து வைத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து மூன்றாவது ஓட்டையில் விரலை வைத்தார்.

அம்மா அட்டையை எடுத்தாள். அவர் மூன்றாவது கத்தரியைக் கையில் எடுத்து ஒருமுறை திறந்து மூடினார். கரகரவென்றது. மறுபடி திறந்து மூடினார். பிறகு சத்தம் வராமல் கீழே வைத்தார்.

அவர் முகம் சிவந்தது. "என் இடத்துக்கு வந்து, என் நாற்காலி முன்னாடியே என்னை முட்டாளாக்குறீங்க?"

"முட்டாளாக்கல. நானும் ரெண்டு தடவை தப்பாத்தான் எடுத்தேன்." அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "ஏன்னு நீ சொல்லு."

மகள் பெரிதாக்கிய படத்தை நீட்டினாள். அலகில் சின்னத்தைப் பொறிப்பது மின்சாரமும் உப்புத் திரவமும். துளையிட்ட தகடு வழியாகத் திரவம் இரும்பை அரிக்கும்போது கோட்டின் ஓரங்களிலும் கொஞ்சம் கசிந்து அரிக்கும். கோடு கொஞ்சம் தடிக்கும். பெரிய படத்தில் அது ஒன்றுமில்லை. பதினொரு இறகை எட்டு மில்லிமீட்டருக்குள் அடக்கினால் இறகுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அந்தக் கசிவைவிடக் குறைவு. எல்லாம் ஒன்றாகி ஒரே கறை.

"கறையைத் திருடுறது சுலபம்" என்றாள் அம்மா. "உங்களோடதும் கறை, அவனோடதும் கறை. போலி பண்றவன் கொக்கு வரையவே வேண்டாம்."

முதலாளி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார். "சரி. எந்த இறகைப் பிடுங்கப் போறீங்க? பட்டறையையா? என் பொண்ணையா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். இதற்கு என்ன பதில் என்று அவர்கள் பேசி வைத்திருக்கவில்லை.

"ஒண்ணையும் பிடுங்கல" என்றாள் அம்மா. "வாசல்லயும் பெட்டியிலயும் பதினொண்ணும் இருக்கும். பதிவு பண்ணின சின்னமும் அப்படியே இருக்கும். அலகுல மட்டும் இது, இதையும் தனியாப் பதிவு பண்ணிக்கலாம்." ஒரு சின்னக் காகிதத்தை மேஜையில் வைத்தாள். திறந்த அலகு, வளைந்த கழுத்து, ஒரே வீச்சில் சிறகு. மூன்றே கோடு, நடுவே நிறைய வெள்ளை. "இதுவும் உங்க கொக்குதான். தூரத்துல பறக்குது. தூரத்துல பறக்கும்போது இறகு எண்ண முடியுமா?"

அவர் காகிதத்தை எடுத்து, கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இன்னொரு கண்ணால் பார்த்தார்.

"கழுத்து என் கழுத்துதான்" என்றார் கடைசியில்.

"உங்க பழைய பெட்டியிலிருந்துதான் எடுத்தேன். முதல்ல போட்டது அருமையான கோடு முதலாளி. அப்புறம் நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் கெடுத்தோம்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார். "முதல் கத்தரி வரும்போது நீங்களே வந்து பார்த்துச் சொல்லணும். அது வரைக்கும் மெஷின் ஓடாது."

"வியாழக்கிழமை வர்றேன்."

காரில் ஏறிய பிறகுதான் அம்மா கைகளைத் தொடைமேல் தேய்த்துக்கொண்டாள். "அந்தக் கொக்கோட மேல் அலகுக் கோடு ஒரு நூல் தடிமன் ஜாஸ்தி. வியாழக்கிழமை மெலிசாக்கச் சொல்லணும்."

திங்கட்கிழமை காலையில் குளியலறையில் விழுந்தாள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு முதலாளி போன் செய்தார். பொறிக்கும் தகடு வந்துவிட்டதாம். ஒரு கத்தரியில் போட்டுப் பார்த்தாராம்.

"நல்லா வந்திருக்கா?"

"தெளிவா இருக்கு பாப்பா. கண்ணாடி இல்லாமலே தெரியுது."

"அப்புறம் என்ன, ஓட்டுங்க முதலாளி."

"நான் பார்த்து என்ன பிரயோஜனம்? அம்மா பார்க்கலையே." அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. "மெஷின் மேல துணி போட்டு மூடி வெச்சிருக்கேன்."