இரண்டாவது குடும்பப்பெயர்

என் கணவர் ஸ்பெயினில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். என்னையும் மகளையும் அழைத்துக்கொள்ள அவர் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். வேலை நெருக்கடியில் இருந்த அவருக்காகப் பாலக்கோட்டிலிருந்து நானே ஸ்பானிஷ் படிவங்களை நிரப்பி அனுப்பினேன். போனில் ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்துப் பார்த்துத்தான்.

மகளின் படிவத்தில் மாட்டிக்கொண்டேன். முதல் குடும்பப்பெயர், இரண்டாவது குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அப்பாவழியில் ஒன்று, அம்மாவழியில் ஒன்று. வழக்கமாக அப்பாவுடையது முன்னால். பெற்றோர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாமாம். எங்களுக்கோ குடும்பப்பெயரே கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அவருக்கு அவருடைய அப்பா பெயர். எனக்கும் மகளுக்கும் என் கணவர் பெயர்.

“காலியா உட்டா வாங்க மாட்டாங்கன்னு கூட வேலை செய்றவரு சொல்றாரு. ரெண்டாவதுல உம்பேரப் போட்டுடு” என்றார் கணவர்.

போட்டேன். மகளின் பெயரோடு என் பெயர் சேர்ந்து நின்றது அதுதான் முதல்முறை. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

படிவம் கொடுக்கும் நாள். இங்கே மதியம் ஒரு மணி, அங்கே காலை ஒன்பதரை. பத்து மணிக்கு அவருக்கு அப்பாயின்ட்மென்ட். மனசு கேட்காமல் நகலை மறுபடி எடுத்தேன். கீழே தந்தை பெயர், தாய் பெயர் என்று தனியாகவே கட்டங்கள் இருந்தன. அம்மாவுக்கான இடம் அதுதான். மேலே இருப்பது பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டிய பெயர். அங்கே தரும் அனுமதிக் கடிதத்தில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறு பெயர் என்றால் இங்கே தூதரகத்தில் விசா கொடுப்பார்களா?

மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தார்.

“என்னங்க, உள்ள போயிட்டீங்களா?”

“வாசல்ல நிக்கிறேன். ஏன்?”

“பாப்பா படிவம் தப்புங்க. ரெண்டாவது பேரு பாஸ்போர்ட்ல இல்ல. அத எடுத்துட்டு புதுசா அனுப்பறேன், பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போடுங்க.”

“காலியாவே உடவா? வாங்கலன்னா?”

“ஒன்னுதான் இருக்குதுன்னு சொல்லுங்க.”

என் பெயரை அந்தக் கட்டத்திலிருந்து அழித்து அனுப்பினேன். அவர் எதிரே இருந்த இன்டர்நெட் கடைக்கு ஓடினார். அதன்பிறகு ஒரு மணி நேரம் போன் வரவில்லை. மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே திரையைப் பார்த்தபடி இருந்தேன்.

கடைசியில் அழைத்தார். காலிக் கட்டத்தைப் பற்றிப் படிவம் வாங்கிய அலுவலக அம்மா ஒன்றுமே கேட்கவில்லையாம். “உங்க குடும்பப்பேரும் பொண்ணு குடும்பப்பேரும் ஏன் வேற வேற?” என்றுதான் கேட்டாராம். மொழிபெயர்த்துச் சான்று பெற்ற மகளின் பிறப்புச் சான்றிதழை இவர் காட்டியிருக்கிறார். அந்த அம்மா அதில் தந்தை பெயரையும் தாய் பெயரையும் விரல் வைத்து ஒப்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டாராம்.

சில வாரங்கள் கழித்து அனுமதிக் கடிதம் வந்தது. மகளின் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்படியும் நம்பிக்கை வராமல் இன்னொரு முறை பார்த்தேன்.