கருப்புப் பையில் ஓர் ஊசி

நான் கும்பகோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஆண்டுகளில் என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியும் வளர்ந்துகொண்டே இருந்தது. முதலில் பிரசவம் மட்டும் பார்த்த இடம். பிறகு மாடி எழும்பியது, இன்னொரு ஆபரேஷன் தியேட்டர் வந்தது, டயாலிசிஸ் மெஷின் வந்தது. பின்பக்கச் சுவருக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருந்த தகரக் கொட்டகை மட்டும் மாறவில்லை. ஆஸ்பத்திரிக் கழிவெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

அந்தக் கொட்டகையைப் பார்த்துக்கொண்ட பெண்ணை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். திருப்பனந்தாள் பக்கத்துக் கிராமம். நடவு, களையெடுப்பு என்று வயலில் வேலை பார்த்தவர். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை இரண்டு முறை பொய்த்தது. கட்டட வேலைக்கு மலேசியா போன கணவரிடமிருந்து வரவேண்டிய பணமும் கடிதமும் நின்றுபோயின. துப்புரவுக் கான்ட்ராக்டர் ஆள் தேடி ஊருக்குள் வந்தபோது இவரும் பெயர் கொடுத்திருக்கிறார். காலை டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். புடவைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. அதுதான் அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு.

அரசு விதி வந்த பிறகு வார்டுக்கு வார்டு வண்ணப் பைகள் வைத்தோம். ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, நஞ்சுக்கொடி எல்லாம் மஞ்சள் பைக்கு. அது எரிக்கப் போகும். டிரிப் குழாய், சிறுநீர்ப் பை, கையுறை போன்ற பிளாஸ்டிக் சிவப்புப் பைக்கு. அதை நீராவியில் கிருமி நீக்கி, துண்டுதுண்டாக வெட்டுவார்கள். ஊசியை மறுபடி மூடி போட்டு மூடாமல், கட்டரில் வெட்டி, குத்தித் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். கருப்புப் பைக்கு சாப்பாட்டுப் பொட்டலம், பழத்தோல், காகிதம் மட்டும். மஞ்சளையும் சிவப்பையும் வெள்ளை டப்பாவையும் ஊருக்கு வெளியிலிருக்கும் கழிவு நிலையத்தின் வேன் வந்து எடுத்துப்போகும். கருப்பை நகராட்சி லாரி அள்ளிப்போகும். ரத்தக் கழிவை இரண்டு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி.

வேன்காரர்கள் எடை போட்டுத்தான் பில் போடுவார்கள். நகராட்சி லாரிக்குப் பில் கிடையாது. ஒரு மாதக் கூட்டத்தில் மேனேஜர் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "எதுக்கெடுத்தாலும் மஞ்சள்ல போடுறீங்க. கொஞ்சம் யோசிச்சுப் போடுங்கம்மா. கருப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டர் பழுதானபோது சரிசெய்ய ஆள் வரவில்லை. டப்பா நிரம்பினால் மாற்று டப்பா வரவில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், அவசரத்தில் நின்றவர்கள், கையில் இருந்த சிரிஞ்சைக் கிட்டத்தில் இருந்த பையில் போட்டுவிட்டுப் போனார்கள். ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்தால் மட்டும் முந்தின நாளே எல்லாம் பளபளவென்று ஆகிவிடும்.

சிவப்புப் பைக்குப் போகவேண்டிய குளுக்கோஸ் பாட்டில்களும் போகவில்லை. அவற்றைத் தனியாக எடுத்துச் சாக்கில் கட்டி வைக்கும்படி மேனேஜர் அக்காவுக்குச் சொல்லியிருந்தார். வாரம் ஒருமுறை காயலான் கடைக்காரர் சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து ஏற்றிக்கொண்டு போவார். இது ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு காலை, டூட்டி மாறும் நேரம். அக்கா டயாலிசிஸ் அறையின் கருப்புப் பையை இறக்கிக்கொண்டு மாடிப்படியில் வந்தார். பை கனமாக இருந்ததால் தொடையோடு அணைத்துக்கொண்டு வந்தவர், பாதிப் படியில் "ஐயோ" என்று நின்றார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த தடிமனான ஊசி ஒன்று புடவையைத் துளைத்துத் தொடையில் இறங்கியிருந்தது. அதன் குழாயில் ரத்தம் உறைந்து நின்றது.

சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவச் சொன்னேன். கழுவிக்கொண்டே அவர் கேட்டார்.

"ஒண்ணும் ஆகாதுல்ல சிஸ்டர்?"

"டாக்டரப் பாத்துடுவோம்க்கா."

டூட்டி டாக்டர் சின்ன வயது. டெட்டனஸ் ஊசி எழுதினார். "ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். போட்டிருக்கவில்லை. நிரந்தர ஊழியர்களான எங்களுக்கு மூன்று தவணையும் ஆஸ்பத்திரியே போட்டிருந்தது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு இல்லை.

"இப்பவே போடணும் சார். இம்யூனோகுளோபுலினும் போடணும். ரத்தமும் எடுத்து வச்சுக்கணும்."

"எனக்கும் தெரியுது சிஸ்டர். மேனேஜர் கையெழுத்து இல்லாம லேப்ல எடுக்க மாட்டாங்க. நீங்க கேட்டுப் பாருங்க."

மேனேஜர் தலை நிமிராமலே சொன்னார். "அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லம்மா. கான்ட்ராக்டரக் கேளுங்க." கான்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். "உங்க ஆஸ்பத்திரில உங்க ஊசி குத்தியிருக்கு, நான் என்னங்க பண்றது?" என்று வைத்துவிட்டார். ஆஸ்பத்திரி உரிமையாளரான பெரிய டாக்டர் சென்னையில் இருந்தார். வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்றார்கள்.

கொடுமை என்னவென்றால் அந்தத் தடுப்பூசி எங்கள் பிரிட்ஜிலேயே இருந்தது. பிறந்த குழந்தைகளுக்கு நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் ஒவ்வொரு மருந்துக்கும் மருந்தகத்துக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். பெரிய டாக்டர் ஐந்து நாள் கழித்து வந்து, "நல்லா கழுவினாங்கல்ல? பயப்படத் தேவையில்ல" என்று முடித்துவிட்டார். அன்று சாயங்காலம் வெளிக் கடையில் வாங்கி நானே அக்காவுக்கு முதல் தவணை போட்டேன். குத்திய உடனே போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடும். நாள் போகப்போக அதன் பலன் குறைந்துகொண்டே போகும். கிருமியை உடனடியாக எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசி கும்பகோணத்தில் எந்தக் கடையிலும் இல்லை. ரத்தம் எடுக்கவே இல்லை.

இரண்டரை மாதம் போயிருக்கும். அக்காவுக்குச் சாப்பாட்டைக் கண்டால் குமட்டியது. படியேறினால் மூச்சு வாங்கியது. வெயிலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது கண்ணைப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. ஊரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். நான் வற்புறுத்தி, லீவு போட்டுவிட்டு, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி என்று வந்தது.

அங்கிருந்த டாக்டர் நல்லவர். "பெரியவங்களுக்கு வந்தா நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல தானா சரியாயிடும்மா. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா அந்தத் தொண்ணூறையே சொல்லிக்கொண்டு வந்தார். நானும் நம்பினேன்.

மஞ்சள் நிறம் வடிந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கிருமி போகவில்லை.

இதற்குள் ஆஸ்பத்திரியில் விஷயம் பரவிவிட்டது. டீ கொடுக்கும் இடத்தில் அவருக்கு மட்டும் பேப்பர் கப். ஒருநாள் மேனேஜர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன்.

"இன்ஃபெக்‌ஷன் இருக்கறவங்கள ஆஸ்பத்திரில வச்சுக்க முடியாது. பேஷன்ட்டுங்க பாதுகாப்பு முக்கியம்" என்றார்.

"இங்க குத்தின ஊசிதானே சார்" என்றார் அக்கா.

"அதுக்கு என்ன ஆதாரம்? முன்னாடியே இருந்திருக்கலாம். பாட்டில் பொறுக்கி விக்கறதுக்காகக் குப்பையக் கிளறினா குத்தத்தான் செய்யும்."

அக்கா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "பாட்டில எடுத்து வைக்கச் சொன்னது நீங்கதான் சார். அன்னிக்குக் குத்தினது கையில இல்ல, தொடையில. நான் பாத்தேன். அன்னிக்கே ரத்தம் எடுத்திருந்தா ஆதாரம் இருந்திருக்கும். கேட்டப்ப நீங்கதான் கையெழுத்துப் போடல" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "நீங்க வார்டுக்குப் போங்க சிஸ்டர்" என்றார், கதவைக் காட்டி.

அக்காவின் கணக்கை அன்றே முடித்தார்கள். மறுநாள் அந்தக் கொட்டகைக்கு வேறொரு பெண் வந்தார். அவருக்கும் ஒரு காக்கிச் சட்டை கொடுத்தார்கள். தடுப்பூசி போட்டீர்களா என்று நான் கேட்டதற்கு, "எதுக்கு சிஸ்டர்? எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்றார். நான் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். ஆய்வுக்கு ஒருவர் வந்தார். வருவது முன்னமே தெரிந்திருந்ததால் எல்லா வண்ணமும் அதனதன் இடத்தில் இருந்தது.

அடுத்த வருடம் நானும் வளைகுடாவுக்குக் கிளம்பினேன். எங்களுடைய சில மா வயலை நம்பி வீட்டில் யாரும் உட்கார முடியவில்லை. விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி-க்கும் ரத்தம் எடுத்தார்கள். இல்லை என்று வந்தது. போட்டுக்கொண்ட மூன்று ஊசிதான் என்னை விமானம் ஏற்றியது என்று வீட்டில் எல்லோரும் மாதாவுக்கு நன்றி சொன்னார்கள். எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை.

முதல் விடுமுறைக்கு வந்தபோது அக்காவைத் தேடிப்போனேன். ஊரில் இல்லை, காயலான் கடையில் வேலை பார்க்கிறார் என்றார்கள். அது கும்பகோணத்தின் எல்லையில், கீற்றுக் கொட்டகை. உள்ளே பெண்கள் சிலர் தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா முன்னால் ஒரு மலை கிடந்தது: குளுக்கோஸ் பாட்டில், டிரிப் குழாய், சிரிஞ்ச். ஊசியைக் கையாலேயே பிடுங்கி ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். கையுறை இல்லை. ரொம்ப இளைத்திருந்தார், வயிறு மட்டும் லேசாக உப்பியிருந்தது. கல்லீரல் கெட்டு நீர் கோத்த வயிறு அது என்று எனக்குத் தெரியும்.

"வாங்க சிஸ்டர்" என்று எழுந்தார். கையைப் பிடிக்கப் போனேன். பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"தொட்டா ஒட்டாதுக்கா."

"தெரியும். நீங்கதானே சொன்னீங்க. ஊர்ல வேற யாரும் தொடுறதில்ல, பழகிப்போச்சு."

"தஞ்சாவூருக்குப் போறீங்களா? மாத்திரை குடுக்கறாங்களா?"

"போனா ஒருநாள் கூலி போவுது சிஸ்டர்." பிறகு, பக்கத்தில் இருந்த பெண்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார். "இங்க யாருக்கும் தெரியாது. சொல்லிடாதீங்க. வேலையில வச்சுக்க மாட்டாங்க."

"ஊசி குத்தினா அவங்களுக்கும்…" என்று ஆரம்பித்தேன்.

"நான் என் டப்பாவ யாரையும் தொட விடுறதில்ல" என்றார் அக்கா.

பக்கத்திலிருந்த ஒரு பெண் சிரிஞ்சை வாயால் ஊதி, உள்ளிருந்த தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் வேண்டாம் என்று சொன்னேன். அவர் என் புடவையையும் கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, இன்னொன்றை எடுத்து ஊதினார்.

மறுபடி நான் ஊருக்கு வருவதற்குள் அக்கா போய்விட்டார். ரத்த வாந்தி எடுத்ததாகவும், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போனதாகவும் என் தங்கை போனில் சொன்னாள். நான் அப்போது டூட்டியில் இருந்தேன். வார்டில் கழிவு எடுக்க வந்த வங்கதேசத்துப் பையன், தடித்த கையுறையோடு, மஞ்சள் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தான். போனை வைத்துவிட்டு அவன் முடிக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். யாராவது செத்துட்டாங்களா என்று அவன் உடைந்த இந்தியில் கேட்டான். ஆமாம் என்றேன். யார் என்று கேட்டான். என்னோடு வேலை பார்த்தவர் என்பதற்கு மேல் எனக்கு இந்தி வரவில்லை.